கோபுரமா உளுந்து: பதினோரு நிமிட வீடியோவிலிருந்து வெள்ளைப் பணியாரம் எழுதி எடுத்த கதை

2019 ஆகஸ்டில் கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டதை என் சித்தி மகள் போனில் எடுத்து வைத்திருந்தாள். துண்டு துண்டாக எடுத்ததை ஒட்டி, மேலே ஒரு பாட்டையும் போட்டு, பதினோரு நிமிட வீடியோவாகக் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தாள். எல்லோரும் பார்த்தோம், யாரும் சுடவில்லை. போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து அவளே கூப்பிட்டு, "அண்ணே, மூணு தடவை பாத்துட்டேன், ஒரு தடவைகூட சரியா வரல, நீங்க உக்காந்து எழுதித் தாங்க" என்றாள். எழுதுவதற்கு என்ன இருக்கிறது, அரிசி, உளுந்து, உப்பு, எண்ணெய் அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடிக்க ஒரு மாதம் ஆனது.

அப்பத்தா காரைக்குடியில் எங்களோடுதான் இருக்கிறார், அடுப்படிப் பக்கம் இப்போது போவதில்லை. அவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டேன். "தலை தட்டி அரிசி, அதுமேல கோபுரமா உளுந்து, ஊறப்போட்டு ஆட்டிச் சுட வேண்டியதுதான்" என்றார். எவ்வளவு நேரம் ஊறணும் என்றால் "ஊறுற வரைக்கும்". தண்ணி எவ்வளவு என்றால் "பாத்து ஊத்து". கைக்கணக்குக்காரர்களிடம் நேராகக் கேட்டால் இதுதான் கிடைக்கும், அதனால் வீடியோவுக்கே திரும்பினேன்.

முதலில் எழுதியது ஒரு பக்கத்துக்கும் குறைவு. வீடியோவில் அவர் சொன்னதை அப்படியே எடுத்தேன்: ஒரு உழக்கு பச்சரிசியைத் தலை தட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கொட்டி, கீழே சரிந்து விழும் வரை கோபுரமாக நிரப்ப வேண்டும். நம் பக்கத்தில் வெள்ளைப் பணியாரத்துக்கு யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்குத்தான் சொல்வார்கள். உழக்கு என்ற இடத்தில் "ஒரு கப்" என்று மாற்றி அனுப்பினேன். தங்கச்சி வீடியோவைத் திறக்காமல், என் எழுத்தை மட்டும் வைத்துச் சுட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. வீடியோ பக்கத்தில் ஓடினால் எழுத்தில் விட்டதைக் கண் நிரப்பிக்கொள்ளும், எது விட்டுப்போனது என்று தெரியவே தெரியாது.

வந்த படத்தைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது. வெள்ளைப் பணியாரம் வெள்ளையாக இல்லை, வடை நிறத்தில் இருந்தது. பிய்த்துக் காட்டிய படத்தில் உள்ளே பஞ்சு மாதிரி, தாளில் வைத்தால் எண்ணெய் வட்டம். "மெதுவடைக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு" என்று அவளே எழுதியிருந்தாள். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் உளுந்து கூடிப்போனது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உளுந்து குறைந்தால் நேர் எதிராக இருக்கும், உப்பாது, ஓரம் மொறுமொறுப்பதற்குப் பதில் விறைத்துக்கொள்ளும்.

ஆனால் அவள் நான் எழுதியபடி அச்சாகக் கோபுரம் வைத்துத்தான் போட்டிருந்தாள். எந்தப் பாத்திரம் என்று கேட்டதும் விஷயம் பிடிபட்டது. வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம், குறுக்கே 9 செ.மீ. தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தாள், 200 மி.லி. பிடித்தது. அளவில் அது ஒரு கப்தான், தப்பே இல்லை. கோபுரம்தான் வேறு.

வீட்டில் தராசை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். முழு உளுந்து குவியும்போது எந்தப் பாத்திரமானாலும் சரிவு ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் நிற்கும், அதற்கு மேல் போட்டால் உருண்டு விழுந்துவிடும். அதனால் கோபுரத்தில் எவ்வளவு உளுந்து நிற்கும் என்பதைப் பாத்திரத்தின் ஆழம் தீர்மானிப்பதில்லை, வாயின் அகலம்தான் தீர்மானிக்கிறது. வாய் அகலமானால் அடிப்பரப்பும் கூடும், உயரமும் கூடவே ஏறும், ஆகவே அகலத்தில் கொஞ்சம் மாறினாலும் உளுந்து ரொம்ப மாறிவிடும். 6 செ.மீ. வாயுள்ள டம்ளரில் கோபுரம் 14 கிராம் நின்றது. 7 செ.மீ. டப்பாவில் 22 கிராம். அவளுடையதைப் போன்ற 9 செ.மீ. கிண்ணத்தில் 47 கிராம். மூன்றிலும் அரிசி கிட்டத்தட்ட ஒன்றுதான், 200 மி.லி. அளவுக்கு 170 கிராம். ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருத்தர் 14 கிராமும் இன்னொருத்தர் 47 கிராமும் போட வழி இருக்கிறது என்றால் அது அளவே இல்லை.

அப்படியானால் அப்பத்தாவின் உழக்கு எவ்வளவு அகலம்? பித்தளை உழக்கு, பாகம் பிரித்தபோது யார் வீட்டுக்குப் போனதென்று தெரியவில்லை, எடைக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. உழக்கு என்ற பெயரும் உதவாது. பழைய வாய்பாட்டில் படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு, நாலில் ஒன்று உழக்கு. ஆனால் வீட்டில் கையாளும்போது எந்தச் சின்ன அளவைக்கும் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

கைகொடுத்தது தரை. அப்பத்தா பட்டாசாலையில் கீழே உட்கார்ந்துதான் அளந்தார், உழக்கு ஆத்தங்குடிக் கல்லின் மேல் இருந்தது. வீடு இன்னும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. போய் அளந்தேன், ஒரு பக்கம் 20 செ.மீ. கையால் வார்க்கிற கல் என்பதால் நாலைந்து கல்லை அளந்து பார்த்தேன், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமில்லை. பிறகு வீடியோவை லேப்டாப்பில் நிறுத்தித் திரையிலேயே ஸ்கேல் வைத்து அளந்தேன். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. உழக்கின் வாய் தரையிலிருந்து உயரத்தில், கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அதைக் கல்லோடு ஒப்பிட்டால் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். தரையைத் தொடுகிற அடிப்பாகத்தைத்தான், அதே வரிசையில் இருக்கும் கல்லோடு ஒப்பிட வேண்டும். திரையில் கல் 112 மி.மீ., உழக்கின் அடி 39 மி.மீ. அதாவது ஏறக்குறைய 7 செ.மீ. பக்கவாட்டில் தெரிந்த ஒரு காட்சியில் உயரம் அகலத்தில் முக்கால் பங்கு, 5 செ.மீ. சொச்சம். உருளையான பாத்திரம் என்பதால் கணக்குப் போட்டால் 200 மி.லி. பக்கம் வருகிறது. ஆக அரிசி 170 கிராம், உளுந்து 22 கிராம். என் 7 செ.மீ. டப்பாவில் ஐந்து தடவை கோபுரம் வைத்து நிறுத்தேன், 21-க்கும் 24-க்கும் நடுவில்தான் ஆடியது. கரண்டிக் கணக்கில் சொன்னால் தலை தட்டிய ஒன்றே முக்கால் மேசைக்கரண்டி.

அடுத்தது நேரம். ஒட்டிய வீடியோவில் அரிசி கழுவுகிறார், அடுத்த நொடி ஆட்டுரலில் மாவு. நடுவில் என்ன நேரம் போனது என்பதை அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. தங்கச்சியின் பழைய போனில் ஒட்டாத மூலத் துண்டுகள் அழியாமல் இருந்தன, அதுதான் அதிர்ஷ்டம். அந்த போனில் வீடியோவின் பெயரிலேயே எடுத்த நாளும் நேரமும் இருக்கும்:

```
VID_20190814_065214.mp4   கழுவி ஊறவைத்தது
VID_20190814_085840.mp4   ஆட்டத் தொடங்கியது
VID_20190814_092507.mp4   மாவு வழித்தது
VID_20190814_093112.mp4   முதல் கரண்டி
```

காலை 6:52-க்கு ஊறப்போட்டு 8:58-க்கு ஆட்டத் தொடங்கியிருக்கிறார், ஆக ஊறல் இரண்டு மணி நேரம். மாவு வழித்த ஆறு நிமிடத்தில் எண்ணெயில் விட்டிருக்கிறார், ஆக இட்லி மாவு மாதிரி புளிக்க வைக்கவில்லை. "ஊறுற வரைக்கும்" என்பதற்குள் இவ்வளவு இருந்தது. ஒரு எச்சரிக்கை: குழுவில் அனுப்பி இறக்கிய வீடியோவுக்கு இந்தப் பெயர் ஒட்டாது, அது இறக்கிய நாளைத்தான் காட்டும். எடுத்தவர் போனில் உள்ள மூலக் கோப்பு வேண்டும்.

எல்லா நேரமும் எழுத்துக்கு ஏறாது என்பதும் இங்கேதான் உறைத்தது. ஆட்டுரலில் ஆட்ட 26 நிமிடம் ஆகியிருக்கிறது, அதுவும் படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று இவள் கெஞ்சியதால் ஆட்டுரலில் ஆட்டினார், இல்லாவிட்டால் மிக்சிதான். கோயம்புத்தூர் மிக்சியில் 26 நிமிடம் ஓட்டினால் மாவு வெந்தே போகும். ஊறல் நேரம் யார் வீட்டிலும் ஏறக்குறைய அதேதான், அதை எழுதலாம். அரைக்கும் நேரம் கருவியைப் பொறுத்தது, அங்கே அடையாளத்தைத்தான் எழுத வேண்டும். அடையாளம் வீடியோவிலேயே இருந்தது: மாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், மறுபடி ஆட்டுகிறார், மறுபடி தேய்க்கிறார். நெரநெரப்பு துளியும் இருக்கக் கூடாது.

தண்ணீர்தான் ரொம்பப் படுத்தியது. கையால் தெளித்துத் தெளித்து ஆட்டுகிறார், ஒவ்வொரு தெளிப்பும் எவ்வளவு என்று சத்தியமாகக் கணிக்க முடியாது. அதனால் முடிவிலிருந்து பின்னால் வந்தேன். தாம்பாளத்தில் அடுக்கிய பணியாரம் பன்னிரண்டு, இன்னொன்று ஓரத்தில் நிற்கும் சின்னப் பையன் கையில், ஆக பதின்மூன்று. அந்தக் குழிக்கரண்டி மாதிரியே வீட்டில் ஒன்று இருந்தது, அவர் விட்ட அளவுக்குத் தண்ணீர் மொண்டு நிறுத்தால் 25 மி.லி. சொச்சம். பதின்மூன்று கரண்டி என்றால் 325, ஆட்டுரலிலும் பாத்திரத்திலும் ஒட்டியது கொஞ்சம், ஆக மொத்த மாவு 350 மி.லி. பக்கம். அதே அளவு அரிசி உளுந்தை ஊறவைத்து வடித்து நிறுத்தேன், 60 கிராம் தண்ணீர் குடித்திருந்தது. அதை நானே அரைத்து, மாவு 350-ஐத் தொடும் வரை தண்ணீர் விட்டுப் பார்த்ததில் 140 மி.லி. தண்ணீரும், அவர் கடைசியில் ஊற்றிய இரண்டு மேசைக்கரண்டி பாலும் சரியாக வந்தன. கரண்டியிலிருந்து விழும் தோற்றமும் வீடியோவோடு ஒத்துப்போனது, இட்லி மாவைவிட இளக்கம், தோசை மாவைவிடக் கெட்டி.

உப்பு மூன்று விரல் சிட்டிகை இரண்டு தடவை. மாவின் எடைக்குத் தூளுப்பு அரைத் தேக்கரண்டி போட்டால் சரியாக இருந்தது. இதற்கு மேல் நோண்டவில்லை, உப்பு அவரவர் நாக்கு.

இரண்டாவது எழுத்தோடு அவள் சுட்டபோது முதல் ஆறு வெள்ளையாக, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் உப்பி, சரியாக வந்தன. அடுத்ததெல்லாம் மோசமாகிக்கொண்டே போனது. ஏழாவதிலிருந்து நிறம் ஏறியது, கடைசி நாலும் உப்பாமல் தட்டையாக விறைத்துவிட்டன. ஒரே மாவு, ஒரே எண்ணெய்.

திரும்ப வீடியோ. இந்தத் தடவை சத்தத்தை அடைத்துவிட்டு அவர் கையை மட்டும் பார்த்தேன், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பேச்சு காதில் விழும்போது அவர் சொல்வதைத்தான் கவனிக்கிறோம், சொல்லாமல் செய்வது கண்ணுக்குத் தப்புகிறது. சத்தமில்லாமல் பார்த்தபோது தெரிந்தது: ஒவ்வொரு தடவை மொள்ளும் முன்னாலும் கரண்டி பாத்திரத்தின் அடியைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பதின்மூன்று பணியாரத்துக்கும் பதின்மூன்று தடவை, ஒரு தடவைகூட விடவில்லை. அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை, அவருக்கே அது ஒரு வேலையாகத் தெரிந்திருக்காது. உளுந்து இவ்வளவு குறைவான மாவில் அரைத்த அரிசி சீக்கிரம் அடியில் படியும். கலக்காமல் மேலாக மொண்டால் முதலில் இளகின மாவு போகும், கடைசியில் அடி மண்டிய அரிசி மாவுதான் மிஞ்சும். கடைசி நாலும் விறைத்ததற்குக் காரணம் அதுதான்.

நிறம் ஏறியதற்குக் காரணம் வேறு. நாலாவது பணியாரம் எடுத்ததும் அவர் இடது கை படத்துக்கு வெளியே போய் வருகிறது, உடனே எண்ணெயின் சலசலப்பு தணிகிறது. அடுப்பைக் குறைத்திருக்கிறார். ஒட்டிய வீடியோவில் பாட்டு ஓடியதால் இந்தச் சலசலப்பே கேட்காது, மூலத் துண்டில்தான் கேட்டது. சமையல் வீடியோவில் பின்னணிப் பாட்டு போடுகிறவர்களிடம் எனக்கு அன்றிலிருந்து ஒரு கோபம் உண்டு, பாதிச் செய்முறை சத்தத்தில்தான் இருக்கிறது.

சுடும் நேரத்தை அந்தத் துண்டிலிருந்தே எடுத்தேன். வெட்டில்லாமல் ஓடுகிற காட்சி, VLC-யில் `E` அழுத்தினால் ஒவ்வொரு படமாக நகரும், மாவு எண்ணெயைத் தொடும் கணத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம். முதல் பணியாரத்தை விட்டுவிட்டேன், அது எண்ணெயைச் சோதிக்கப் போட்டது, 1 நிமிடம் 25 நொடி எடுத்துக்கொண்டது. மூன்றாவதிலிருந்து நிதானம் வந்துவிட்டது: விட்ட மாவு அடியில் போய்ச் சில நொடியில் மேலே வருகிறது, வந்ததும் கரண்டியால் சுடுஎண்ணெயை அதன் தலையில் இரண்டு தடவை அள்ளி விடுகிறார், அப்போதுதான் உப்புகிறது, 40 நொடியில் திருப்புகிறார், 1 நிமிடம் 10 நொடியில் எடுக்கிறார். எண்ணெயின் சூட்டை வீடியோ சொல்லாது. என் அடுப்பில் வெப்பமானி வைத்துப் பார்த்ததில் 165, 170 டிகிரியில் வெள்ளையாக வந்தது, 180-ஐத் தாண்டினால் உள்ளே வேகும் முன்பே நிறம் பிடித்தது.

மூன்றாவது எழுத்தை அனுப்பும் முன் அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டபோது ஒன்றும் சொல்லாதவர், வாசித்தபோது விடவே இல்லை. ஊறல் நேரத்துக்கு "ம்" என்றார். கலக்குவதைச் சொன்னதும் "பின்ன கலக்காம எப்படிடா சுடுவ" என்றார். பால் என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "பாலா? யாரு ஊத்தச் சொன்னா?" வீடியோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அன்னைக்கு மாவு கெட்டியா நின்னுருச்சு, பக்கத்துல பாலு இருந்துச்சு, ஊத்துனேன். தண்ணியே போதும்டா."

நான் பாலை மேசைக்கரண்டி வரை அளந்து சேர்மானத்தில் ஏற்றியிருந்தேன். அன்றைய மாவுக்கு அன்று செய்த சரிக்கட்டல் அது. ஒரே ஒரு நாள் எடுத்த வீடியோவில் எது வழக்கம், எது அன்றைக்கு மட்டும் என்று பிரித்துக் காட்ட எதுவுமே இல்லை. அவர் இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தில் இனி வெள்ளைப் பணியாரம் என்றால் பால் என்று ஆகியிருக்கும்.

கடைசியாக எழுதியது இது. தங்கச்சி இதை வைத்து இரண்டு தடவை சுட்டாள், ஒரு தடவை பன்னிரண்டு, ஒரு தடவை பதின்மூன்று, எல்லாம் வெள்ளை.

வெள்ளைப் பணியாரம், 12 அல்லது 13 வரும்.

மாவுப் பச்சரிசி 170 கிராம் (தலை தட்டி 200 மி.லி.), தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து 22 கிராம் (தலை தட்டி ஒன்றே முக்கால் மேசைக்கரண்டி, கோபுரம் வைக்க வேண்டாம்), தண்ணீர் 140 முதல் 170 மி.லி., தூளுப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை கால் தேக்கரண்டி, பொரிக்கப் புது எண்ணெய். பொரித்த எண்ணெய் மிச்சமிருந்தால் இதற்கு வேண்டாம், நிறம் மங்கிவிடும்.

அரிசியையும் உளுந்தையும் சேர்த்துக் கழுவி 2 மணி நேரம் ஊறவைத்து வடிக்கவும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் 100 மி.லி. அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைக்கவும். மிக்சி என்றால் விட்டு விட்டு ஓட்டவும், ஜாரைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. விரலில் தேய்த்தால் நெரநெரப்பு துளியும் இல்லாமல் போகும் வரை அரைக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் சேர்த்து, கரண்டியிலிருந்து அறுபடாமல் பட்டையாக விழும் பதத்துக்கு மிச்சத் தண்ணீரில் இளக்கவும். புளிக்க விட வேண்டாம், உடனே சுடலாம்.

சின்ன இருப்புச்சட்டியில் நாலு விரல்கிடை ஆழத்துக்கு எண்ணெய், மிதமான தீ. ஒரு சொட்டு மாவு விட்டால் அடிக்குப் போய் உடனே மேலே வர வேண்டும், நிறம் மாறக் கூடாது. ஒவ்வொரு தடவையும் மாவை அடிவரை கலக்கிவிட்டு, குழிக்கரண்டியால் 25 மி.லி. அளவு மொண்டு எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக விடவும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மேலே வந்ததும் சுடுஎண்ணெயை அதன் மேல் இரண்டு தடவை அள்ளி விட்டு, 40 நொடியில் திருப்பி, 1 நிமிடம் 10 நொடியில் எடுக்கவும். நாலைந்து சுட்டபின் எண்ணெய் காய்ந்து சலசலப்பு கூடும், அப்போது தீயைக் குறைக்கவும். ஓரத்தில் பொன்னிறம் தட்டினால் குறைக்கத் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி தொடங்கவும்.